டிப்பர் லாரியின் தொட்டி உயர்வது எப்படி? சமதளத்தில் நின்றும் லாரி கவிழ்வது ஏன்?

பெங்களூரு: கட்டுமானப் பணிகள் ஓயாத பெங்களூருவில் ஜல்லி, எம்-சாண்ட், செம்மண் ஆகியவற்றை ஏற்றிச் செல்லும் டிப்பர் லாரிகளைக் காணாத சாலை இல்லை. ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்காமலேயே 20 டன் சரக்கைச் சில நிமிடங்களில் கொட்டிவிடுகிறார். அதே லாரி, பார்வைக்குச் சமமாகத் தெரியும் நிலத்தில் தொட்டியைத் தூக்கி நிற்கும்போது பக்கவாட்டில் சாய்ந்து விழுவதும் உண்டு. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பு, தொட்டியின் முன்புறம் பொருத்தப்பட்டிருக்கும் நீளும் ஜாக்கியிலும் பின்சக்கரங்களின் கீழுள்ள மண்ணிலும் அடங்கியுள்ளது.

தொட்டியின் பின்முனை, சேசிஸின் கடைசியில் கீல் மூலம் இணைக்கப்பட்டுள்ளது. முன்முனையை ஹைட்ராலிக் சிலிண்டர் மேலே தள்ளுகிறது. கீலிலிருந்து 5 மீட்டர் முன்னால் சிலிண்டர் இருப்பதாகக் கொண்டால், தொட்டியை 45 டிகிரி சாய்க்க அது ஏறத்தாழ 3.8 மீட்டர் நீள வேண்டும். அவ்வளவு நீளமான ஒற்றைத் தண்டை ஓட்டுநர் அறைக்கும் தொட்டிக்கும் இடையே நிறுத்த இயலாது. ஆகவே, மடக்கு ஆன்டெனாவைப் போல ஒன்றினுள் ஒன்றாக அடங்கும் நான்கைந்து எஃகுக் குழாய்களால் சிலிண்டர் அமைக்கப்படுகிறது. மடங்கிய நிலையில் அதன் நீளம் ஒன்றரை மீட்டருக்குள் அடங்கிவிடும்.

இதற்கான விசை லாரியின் இன்ஜினிலிருந்தே கிடைக்கிறது. கியர் பாக்ஸுடன் இணைந்த பி.டி.ஓ. எனும் அமைப்பை ஓட்டுநர் இயக்கியதும், அது எண்ணெய் பம்பைச் சுழற்றுகிறது. தொட்டியை உயர்த்தும் வால்வைத் திறந்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் பாய்கிறது. அப்போது முதலில் வெளியே வருவது மிகப் பெரிய குழாய். எண்ணெயின் அழுத்தத்தைப் பரப்பளவால் பெருக்கினால் கிடைப்பதே தூக்கும் விசை என்பதால், பரப்பு அதிகமுள்ள குழாய்தான் குறைந்த அழுத்தத்திலேயே நகரத் தொடங்கும். அது தன் எல்லையை எட்டி நின்றதும் அழுத்தம் கூடி, அடுத்த சிறிய குழாய் புறப்படுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். சரக்கும் தொட்டியும் சேர்ந்து 23 டன், அந்த எடையின் மையம் கீலிலிருந்து 2.5 மீட்டர் தொலைவில் இருக்கிறது எனக் கொள்வோம். சிலிண்டர் அதைப்போல் இரு மடங்கு தொலைவில் உள்ளதால், தொடக்கத்தில் அது தூக்க வேண்டியது பாதி எடையான 11.5 டன் மட்டுமே. முதல் குழாயின் விட்டம் 15 சென்டிமீட்டர் எனில், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 65 கிலோ அழுத்தம் இதற்குப் போதும். தொட்டி உயர உயர எடையின் மையம் கீலை நோக்கி நகர்வதாலும், சரக்கு வழிந்து குறைவதாலும் தேவைப்படும் விசை குறைந்துகொண்டே வருகிறது. அதனால்தான் கடைசிக் கட்டத்துக்கு 9 சென்டிமீட்டர் விட்டமுள்ள மெல்லிய குழாயே போதுமானதாகிறது. பம்ப் தரும் எண்ணெயின் அளவு மாறாததால், மெல்லிய குழாய் முதல் குழாயைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாக நீளும். தொட்டி கடைசியில் சட்டென்று எழுவதுபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

இறக்கும்போது பம்ப் தேவையில்லை. வால்வு திறந்ததும் தொட்டியின் எடையே எண்ணெயைத் தொட்டிலுக்குத் திரும்பும் குழந்தையைப் போல மெதுவாக எண்ணெய்க் கலனுக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

இங்கு பலரும் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. இந்த ஜாக்கி மேல்நோக்கித் தள்ளுவதற்காக மட்டுமே வடிவமைக்கப்பட்டது. தொட்டி பக்கவாட்டில் சாயாமல் பிடித்து நிறுத்துவது அதன் வேலை அல்ல. முழுவதும் நீண்ட நிலையில் மெல்லிய குழாய்களின் மீது பக்கவாட்டு விசை விழுந்தால் அவை வளைந்துவிடும். தொட்டியை நேராக நிறுத்துபவை பின்புறக் கீல்கள், சேசிஸ், ஸ்பிரிங் பட்டைகள், டயர்கள், இறுதியாக அவற்றைத் தாங்கும் நிலம்.

மேற்கண்ட லாரியிலேயே இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். தொட்டி படுத்திருக்கும்போது எடையின் மையம் தரையிலிருந்து சுமார் 2.1 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஈரச் செம்மண் வழியாமல் ஒட்டிக்கொண்ட நிலையில் 45 டிகிரிக்குத் தூக்கினால் அது 3.6 மீட்டராகிறது. அத்துடன் முன்சக்கரங்கள் தாங்கிய பளுவும் பின்சக்கரங்களுக்கு மாறுகிறது. இப்போது இடப்புறப் பின்சக்கரங்கள் 10 சென்டிமீட்டர் புதைந்தால் லாரி ஏறக்குறைய 3 டிகிரி சாய்கிறது; மேலே உள்ள எடை 20 சென்டிமீட்டர் இடப்புறம் நகர்கிறது. இரு பக்கமும் பாதிப் பாதியாக இருந்த பளுவில் 60 சதவீதம் இடப்புறத்துக்கு வந்துவிடுகிறது.

புதைந்துகொண்டிருக்கும் சக்கரத்தின் மீதே கூடுதல் பளு விழுகிறது என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. சக்கரம் மேலும் புதைகிறது. 20 சென்டிமீட்டர் இறங்கினால் பங்கு 70 சதவீதத்தைத் தாண்டும். இது மண்ணின் கணக்கு மட்டுமே. அந்தப் பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளும் டயர்களும் அழுந்துவதும் சேசிஸ் முறுக்கிக்கொள்வதும் சாய்வை இன்னும் கூட்டும். ஒரு கட்டத்துக்குப் பின் ஓட்டுநரால் எதுவும் செய்ய இயலாது.

பெங்களூருவில் இத்தகைய ஏமாற்றும் நிலத்துக்குக் குறைவில்லை. 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்ட காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் நகரோடு இணைக்கப்பட்ட 110 கிராமங்களுக்கானது. இதுபோன்ற குடிநீர், பாதாளச் சாக்கடைக் குழாய்களுக்காகப் பள்ளம் தோண்டி மூடப்பட்ட தெருக்கள் ஏராளம். மூடிய மண் முறையாக இறுகாதிருந்தால், மேற்பரப்பு சமமாகத் தெரிந்தாலும் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பழைய பள்ளத்தின் மேல் நிற்க நேரிடும். நகரின் பழைய ஏரிகள் பலவும் மேடாக்கப்பட்டுவிட்டன. கெம்பேகவுடா பேருந்து நிலையம் உள்ள இடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரியாக இருந்தது. ஏரிப் படுகையின் களிமண் மழைக்காலத்தில் மேலும் இளகும். புதிதாகத் தோண்டிய அடித்தளக் குழியின் விளிம்பும் இதே வகைதான். சரக்கைக் குழிக்கு அருகிலேயே கொட்டுமாறு மேஸ்திரி வற்புறுத்துவதும் வழக்கமே.

ஆபத்தைத் தொட்டி எழும் முதல் சில நொடிகளிலேயே கண்டுகொள்ள முடியும். தொட்டியின் விளிம்பு சேசிஸுக்கு இணையாக இல்லாதது, ஒரு பக்க டயர் மட்டும் பிதுங்குவது, சக்கரத்தடம் ஆழமாவது ஆகியவை கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள். பாதிக்கு மேல் தூக்கியும் சரக்கு நகராமல் பம்பின் ஓசை கனத்தால், மண் தொட்டியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்போது தொட்டியை இறக்கிவிட்டு ஒட்டிய மண்ணைத் தளர்த்துவதே சரி. மேலும் உயர்த்துவதும், லாரியை முன்னும் பின்னும் நகர்த்திக் குலுக்குவதும் உயரத்திலுள்ள எடையைத் தள்ளாட வைக்கும்.

சாய்வு தொடங்கியது தெரிந்தவுடன், குலுங்காமல் தொட்டியை இறக்க வேண்டும். இறக்க நேரமில்லாவிட்டால் ஓட்டுநர் வெளியே குதிக்கக் கூடாது. லாரி குதித்தவர் மீதே விழக்கூடும். சீட் பெல்ட்டுடன் அறைக்குள்ளேயே இறுகப் பற்றிக்கொள்வது பாதுகாப்பானது. சரக்கு கொட்டும் நேரத்தில் மற்றவர்கள் லாரியின் இரு பக்கங்களிலும், உயர்ந்த தொட்டி விழுந்தால் எட்டும் தொலைவுக்கு அப்பால் நிற்க வேண்டும்.