லாபம் ஏன் குறைந்தது?

கன்சல்டிங் நிறுவனங்களின் இன்டர்ன்ஷிப் நேர்காணலில் இப்படி ஒரு கேள்வி வரலாம்: "ஒரு பேக்கரியின் மாத விற்பனை 10 லட்சம் ரூபாய். விற்பனை அப்படியே இருக்கிறது; லாபம் மட்டும் 2 லட்சத்திலிருந்து 1 லட்சமாகிவிட்டது. என்ன செய்யலாம்?"

உடனே "விளம்பரம் செய்யலாம்" என்பவர்கள்தான் அதிகம் சறுக்குகிறார்கள். முதலில் கேள்வியைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரு நிமிடம் கேட்டு வாங்கி, லாபத்தை வரவு, செலவு என்று தாளில் பிரியுங்கள். வரவு மாறவில்லை, ஆகவே செலவு 1 லட்சம் கூடியிருக்கிறது. வாடகையா, சம்பளமா, மூலப்பொருளா என்று கேட்டால் எல்லாம் பழையபடியே என்கிறார். "விற்கும் வழி மாறியதா?" என்று கேளுங்கள். 4 லட்ச ரூபாய் விற்பனை இப்போது டெலிவரி செயலி வழியாக, 25 சதவீத கமிஷனில் நடக்கிறதாம். கமிஷனே 1 லட்சம்!

கணக்கு முடிந்தாலும் இங்கே நிறுத்தக்கூடாது. மொத்த விற்பனை கூடவில்லை என்றால், கடைக்கு வந்தவர்களே செயலிக்குப் போயிருக்க வாய்ப்பு அதிகம். செயலியில் விலையை 10 சதவீதம் கூட்டினால், ஆர்டர் குறையாதவரை 30,000 ரூபாய்தான் மீளும். எனவே பழைய வாடிக்கையாளரை நேரடி ஆர்டருக்குத் திருப்புவதே முதல் பரிந்துரை. அதை முதல் வாக்கியமாகச் சொல்லி, காரணத்தைப் பிறகு சொல்லுங்கள்.