ஞாயிறு ஆறேகாலுக்கு

எங்கள் வீட்டில் முக்கியமான பேச்செல்லாம் வாசற்படியில்தான் நடக்கும். செருப்பை மாட்டிக்கொண்டே ஒருவர் சொல்வார், அடுப்படியிலிருந்து இன்னொருவர் "என்னது?" என்பார். அந்த வாரம் மாடித் தொட்டி இரண்டு முறை நிரம்பி வழிந்தது. மோட்டாரைப் போட்டது யார், அணைத்திருக்க வேண்டியது யார் என்று இரண்டு நாள் சண்டை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து பேசினால் என்ன என்று அப்போதுதான் தோன்றியது.

அதை எப்போது கேட்பது என்பதிலும் கணக்கு இருக்கிறது. சாம்பார் பரிமாறும்போது ஆரம்பித்தால் யார் காதிலும் ஏறாது. மோர் சாதத்துக்கு வந்துவிட்டால் பசி அடங்கியிருக்கும். பாதியில் எழுந்து போகவும் முடியாது. நான் பேசியது இவ்வளவுதான்:

"ஒரு நிமிஷம். வர்ற ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறேகாலுக்கு இருபது நிமிஷம் ஹால்ல உக்காரலாமா? மூணே கேள்வி. இந்த வாரம் எது நல்லா போச்சு, எது சரியா வரல, அடுத்த வாரம் எதை மாத்தலாம். யாரையும் குத்தம் சொல்றதுக்கு இல்ல. பசங்க சொல்றதையும் எடுத்துக்கணும். நாலு வாரம் பாப்போம், பிடிக்கலேன்னா விட்டுடலாம். முதல் வாரம் மோட்டார் விஷயம் மட்டும்."

இதில் வேலை செய்தது "நாலு வாரம்" என்ற வார்த்தை. இனி ஒவ்வொரு ஞாயிறும் என்று சொல்லியிருந்தால் என் மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பாள். ஆறேகால் என்பதற்கும் காரணம் உண்டு. ஞாயிறு நாலரை முதல் ஆறு வரை ராகு காலம். அம்மாவை வைத்துக்கொண்டு ஐந்து மணிக்குப் புதிதாக எதையும் தொடங்கிவிட முடியுமா?

அந்த மூன்று கேள்விகள் என் சரக்கு இல்லை. அமெரிக்க எழுத்தாளர் புரூஸ் ஃபைலர் 2013-இல் குடும்பங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இருப்பவை. மென்பொருள் குழுக்கள் அடிக்கடி கூடி, செய்த வேலையைத் திரும்பிப் பார்த்துக்கொள்ளும் முறையிலிருந்து வீட்டுக்கு வந்த பழக்கம் அது.

பேச்சு முடிந்த கையோடு கூகுள் காலண்டரில் `Weekly on Sunday` என்று வைத்து எல்லோரையும் சேர்த்தேன். விவரம் எழுதும் இடத்தில் மூன்று கேள்விகளும், கீழே "இந்த வாரம்: மோட்டார்" என்ற ஒரு வரியும். கணினியில் `Modify event` என்பதை டிக் செய்தால்தான் மற்றவர்களும் அதில் எழுத முடியும். அதைச் செய்யாவிட்டால் அது என் பட்டியலாகவே இருக்கும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். எழுதியதைச் சேமிக்கும்போது `This event` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். `All events` கொடுத்துவிட்டால் எல்லா ஞாயிற்றிலும் மோட்டார் வந்து நிற்கும்.

நான் சறுக்கிய இடம் வேறு. ஒரு மணி நேரம் முன்னால் ஒலிக்கும்படி வைத்திருந்தேன். என் போன் மட்டும்தான் ஒலித்தது. அந்த நேரம் அவரவர் போனில் அவரவர் வைத்துக்கொள்வது, நான் வைத்தது எனக்கு மட்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. போன் பக்கமே போகாத அப்பாவுக்குத் தினசரி காலண்டரின் ஞாயிற்றுத் தாளில் பேனாவால் எழுதினேன். அவர் ஆறு மணிக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்.

மோட்டார் விஷயம் பத்து நிமிடத்தில் முடிந்தது. எங்கள் தொட்டி நிரம்ப ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்று சொன்னது அப்பா. சுவிட்சைப் போடுகிறவரே தன் போனில் இருபத்தைந்து நிமிட டைமர் வைக்க வேண்டும், வெளியே போவதாக இருந்தால் போடவே கூடாது என்று முடிவானது. அதை அப்படியே அடுத்த வார நினைவூட்டலின் முதல் வரியில் எழுதினேன். முடிவு நிலைத்ததா என்று கேட்காமல் அடுத்த பேச்சுக்குப் போனால், எடுத்த முடிவு ஹாலிலேயே தங்கிவிடும்.

இரண்டாம் வாரம் என் புத்தி, "தம்பியின் கணக்கு மார்க்" என்று பட்டியலில் எழுதியது. அவன் சனிக்கிழமையே அதைப் பார்த்துவிட்டான். ஞாயிறன்று வந்து உட்கார்ந்தான், வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் பார்க்கும் பட்டியலில் ஆள் பெயரே வரக்கூடாது என்று அன்று முடிவு செய்தேன். மார்க், கடன், வரன் பார்ப்பது எல்லாம் தனியாகப் பேச வேண்டியவை. இருபது நிமிடத்தில் அடங்குபவையும் அல்ல.

நீங்கள் ஆரம்பிப்பதாக இருந்தால் முதல் வாரத்துக்குத் தண்ணீர், குப்பை, சாவி மாதிரி ஏதாவது ஒன்றை எடுங்கள். ஆறு முப்பத்தைந்துக்கு, பேச்சு பாதியில் இருந்தாலும் எழுந்துவிடுங்கள்.