பள்ளி பட்ஜெட்டின் விளக்கக் குறிப்பு: கட்டணம், கையிருப்பு, புதுப் பேருந்து

தனியார் பள்ளியின் ஆண்டு பட்ஜெட்டில் வரவு செலவு அட்டவணையோடு சில பக்க விளக்கக் குறிப்பும் இருக்கும். அட்டவணையில் உள்ள தொகைகள் எந்த அனுமானத்தில் வந்தவை என்று சொல்வது அதன் வேலை.

முதல் அனுமானம் மாணவர் எண்ணிக்கை. சென்ற ஆண்டைவிட ஐந்து சதவீதம் கூடும் என்று மொத்தமாக எழுதினால் அதில் பயனில்லை. வகுப்பு வாரியாகப் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 62 பேர் படித்தாலும் பதினொன்றில் 38 பேர்தான் சேர்வார்கள் என்பது மூன்று ஆண்டுப் பதிவேட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

அடுத்தது கட்டணம். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டண நிர்ணயக் குழு விதிக்கும் கட்டணம் மூன்று கல்வியாண்டுகளுக்குப் பள்ளியைக் கட்டுப்படுத்தும். ஆசிரியர் சம்பளமோ ஆண்டுதோறும் ஏறும். எனவே இது மூன்றில் எத்தனையாவது ஆண்டு என்பதைக் குறிப்பு சொல்லியே ஆக வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். 600 பிள்ளைகளில் 520 பேர் தலா ரூ.25,000 கட்டுகிறார்கள். மீதி 80 பேர் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் படிப்பவர்கள். அவர்களுக்கு அரசு தலா ரூ.12,000 ஈடுசெய்வதாகக் கொள்வோம். கட்டணம் 1 கோடியே 30 லட்சம், அரசுத் தொகை 9.6 லட்சம், ஆக வரவு 1 கோடியே 39.6 லட்சம். நடைமுறைச் செலவு 1 கோடியே 16 லட்சம் என்றால் உபரி 23.6 லட்சம். 22 லட்ச ரூபாய் பேருந்தை ரொக்கமாகவே வாங்கிவிடலாம் என்று தோன்றும்.

ஆனால் முந்தைய ஆண்டுகளில் மார்ச் முடிவதற்குள் வசூலானது 94 சதவீதம்தான் என்றால், 7.8 லட்சம் நிலுவையில் நிற்கும். அரசுத் தொகையும் அந்த ஆண்டுக்குள் வந்து சேரும் என்று நம்பியிருக்க முடியாது. இரண்டையும் கழித்தால் கையில் மிஞ்சுவது 6.2 லட்சம். பேருந்து வாங்கினால் கோடை விடுமுறைச் சம்பளத்துக்கே பணம் இருக்காது. பள்ளிகள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

தேய்மானக் கணக்கும் இதை மறைத்துவிடும். பேருந்தின் விலையை எட்டு ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதினால் செலவுப் பக்கத்தில் 2.75 லட்சம் மட்டுமே தெரியும். பணமோ வாங்கிய அன்றே முழுதாகப் போய்விடும். ஓட்டுநர், உதவியாளர் சம்பளம், இன்சூரன்ஸ், எஃப்.சி. செலவு ஆகியவை அதற்குப் பின் ஆண்டுதோறும் வருபவை.

ஆகவே, நல்ல குறிப்பு மூலதனச் செலவை நிபந்தனையோடு எழுதும். ஒழுகும் வகுப்பறைக் கூரையையும் கழிப்பறையையும் 4 லட்சத்தில் மே மாதமே சரிசெய்வது. அக்டோபர் இறுதிக்குள் முக்கால் பங்குக் கட்டணம் வசூலாகி, பழைய அரசு நிலுவையும் வங்கிக் கணக்கில் ஏறியிருந்தால் மட்டும் பேருந்துக்கு முன்பணம் கட்டி மீதிக்குக் கடன் வாங்குவது. இல்லையென்றால் வாங்குவதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைப்பது.