பில்டர் நீட்டும் தாளுக்கு முன் நாம் எழுத வேண்டிய கடிதம்

கிரகப்பிரவேசம் முடிந்து எட்டு, பத்து மாதம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பில்டரின் அலுவலகத்திலிருந்து ஒருவர் ஒரு சாவிக்கொத்தோடும் ஒரு தாளோடும் வருவார். மோட்டார் அறை, ஜெனரேட்டர் அறை, மொட்டை மாடிக் கதவு என்று சாவிகளுக்கெல்லாம் சீட்டு ஒட்டியிருக்கும். தாளில் நாலே வரி. “பொதுப் பகுதிகள் அனைத்தையும் நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம். இனி எங்களுக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை.” அடுத்த மாதத்திலிருந்து செக்யூரிட்டிக்கும் துப்புரவுப் பணியாளர்களுக்கும் அசோசியேஷன்தான் சம்பளம் தர வேண்டும் என்று சொல்லி, கையெழுத்து கேட்பார்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போட்ட பிறகு லிப்ட் உரிமம் எங்கே, கார்பஸ் பணம் எங்கே என்று தேடி அலைகிற வளாகங்கள் நிறைய. இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. அவர் தாளை நீட்டுவதற்கு முன்பே நம்முடைய கடிதம் அவர் மேசைக்குப் போயிருக்க வேண்டும். அதில் என்ன எழுதுவது என்பதை 84 வீடுகள் கொண்ட ஒரு கற்பனை வளாகத்தை வைத்துப் பார்ப்போம். 75 வீடுகள் விற்றுவிட்டன, 9 வீடுகள் இன்னும் பில்டர் கையில் இருக்கின்றன. பணி நிறைவுச் சான்றிதழ் வந்து ஓராண்டு ஆகிவிட்டது.

கடிதத்தை யார் எழுதுவது என்ற கேள்வி முதலில் வரும். சங்கம் இன்னும் பதிவாகவில்லை என்றால் வீட்டு உரிமையாளர்கள்தான் எழுத வேண்டும். ஒவ்வொருவரும் வீட்டு எண்ணோடு கையெழுத்திட்டால் போதும். இந்த முதல் கடிதம் கேட்பது ஒன்றுதான்: சங்கம் அமைக்க உதவுங்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது நாம் ரெரா என்று சொல்கிற சட்டம், இதை பில்டரின் கடமையாகவே 11ஆவது பிரிவில் வைத்திருக்கிறது. மாநிலச் சட்டம் வேறு கெடு வைக்காத இடத்தில், பாதிக்கு மேற்பட்ட வீடுகள் முன்பதிவான மூன்று மாதத்துக்குள் சங்கம் அமைய வேண்டும் என்கிறது அது. சங்கம் அமைய ஒத்துழைப்பது வாங்கியவர்களின் கடமை என்று 19ஆவது பிரிவும் சொல்கிறது. ஆகவே “நீங்களே அமைத்துக்கொள்ளுங்கள், எங்களுக்கு என்ன” என்று பில்டரும் ஒதுங்க முடியாது, “அவர் அமைக்கட்டும்” என்று நாமும் காத்திருக்க முடியாது.

பில்டரின் உதவி இல்லாமல் நடக்காத காரியம் ஒன்று உண்டு. வீடு வாங்கிய எல்லோருடைய பெயரும் முகவரியும் அவரிடம்தான் இருக்கும். வெளிநாட்டில் இருந்துகொண்டு வாடகைக்கு விட்டவர்களை நாம் எங்கே போய்த் தேடுவது? அதனால் முதல் கடிதத்தின் நடு வரி இப்படி இருக்கட்டும்:

“வளாகத்தின் 84 வீடுகளுக்கும் வீட்டு எண், பரப்பு, யூடிஎஸ் அளவு, உரிமையாளரின் பெயர், முகவரி அடங்கிய பட்டியலைத் தர வேண்டுகிறோம். விற்காத வீடுகளுக்குத் தங்கள் நிறுவனத்தின் பெயரையே உரிமையாளராகக் குறிப்பிட வேண்டுகிறோம்.”

இரண்டாவது வாக்கியம் சாதாரணமாகத் தெரியும். பின்னால் பணக் கணக்குக்கு வரும்போது அதன் எடை புரியும்.

பதிவைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் இத்தனை காலம் பெரும்பாலான அசோசியேஷன்கள் 1975ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்தான் பதிவாகி வந்தன. பழைய அடுக்குமாடி உரிமைச் சட்டத்துக்குப் பதிலாக 2022இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. இன்று எந்தப் படிவம், எந்தச் சட்டம் என்பதை பதிவுத்துறை அலுவலகத்தில் நேரில் கேட்டுவிட்டு துணைவிதிகளை எழுதுவது நல்லது. பில்டர் தரும் மாதிரித் துணைவிதிகளை அப்படியே ஏற்காதீர்கள். விற்காத வீடுகளுக்கு மெயின்டனன்ஸ் கிடையாது என்ற வரி சில சமயம் அதற்குள்தான் ஒளிந்திருக்கும்.

சங்கம் பதிவானதும் வருவது இரண்டாவது கடிதம். தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்டு, சங்கப் பதிவு எண்ணையும் ரெராவில் உள்ள திட்டப் பதிவு எண்ணையும் மேலே எழுதி, பில்டரின் பதிவு அலுவலக முகவரிக்கு ஒப்புகையோடு அனுப்ப வேண்டும். மின்னஞ்சலிலும் ஒரு பிரதி போகட்டும். வாட்ஸப்பில் பேசியதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

இந்தக் கடிதம் மூன்று காரியங்களைத் தனித்தனியே பிரித்து வைக்க வேண்டும்: காகிதங்கள், பணம், கட்டடத்தின் நிலை. மூன்றையும் ஒரே பத்தியில் குழைத்தால் பில்டர் சுலபமானதுக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடுவார்.

காகிதங்களை 17ஆவது பிரிவைச் சொல்லிக் கேட்கலாம். பொதுப் பகுதிகளுக்கானவை உட்பட தேவையான ஆவணங்களையும் வரைபடங்களையும் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது அது. மாநிலச் சட்டம் வேறு சொல்லாதபோது, நிறைவுச் சான்றிதழ் வந்த 30 நாளுக்குள் இது நடக்க வேண்டும். “எல்லா ஆவணங்களும்” என்று எழுதினால் அங்கீகாரம் பெற்ற வரைபடத்தின் ஜெராக்ஸ் ஒன்று வந்து சேரும். பெயர் சொல்லிக் கேளுங்கள். திட்ட அனுமதி, நிறைவுச் சான்றிதழ், தீயணைப்புத் துறையின் சான்று, லிப்ட் உரிமம், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, மோட்டார்களுக்கும் ஜெனரேட்டருக்கும் உரிய உத்தரவாத அட்டைகள் என்று ஒவ்வொன்றும் தனி வரியில் இருக்கட்டும். எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, குழாயும் மின்கம்பியும் உண்மையில் எந்த வழியாகப் போகின்றன என்று காட்டும் வரைபடம். அனுமதிக்குக் கொடுத்த படம் வேறு, கட்டி முடித்த பிறகு வரைந்த படம் வேறு. இரண்டாவது இல்லையென்றால் ஐந்தாம் வருடம் ஒரு கசிவைத் தேடி மூன்று வீட்டுச் சுவரை உடைக்க வேண்டி வரும். பொது மீட்டர் இன்னும் பில்டரின் பெயரில் இருக்கும். அதைச் சங்கத்தின் பெயருக்கு மாற்ற அவர் கையெழுத்து வேண்டும் என்பதால் அதையும் இங்கேயே கேட்டுவிடுங்கள்.

பணத்துக்கு வருவோம். நம் வளாகத்தில் ஒரு வீட்டின் சராசரிப் பரப்பு 1,150 சதுர அடி. விற்றபோது சதுர அடிக்கு 50 ரூபாய் கார்பஸ், மாதம் 3 ரூபாய் வீதம் ஒரு வருட மெயின்டனன்ஸ் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விற்ற 75 வீடுகளின் பரப்பு 86,250 சதுர அடி. கார்பஸ் 43,12,500 ரூபாய். இது சங்கத்தின் பணம். அன்றாடச் செலவுக்குத் தொடாமல் வட்டியோடு சங்கத்தின் கணக்குக்கு வர வேண்டும்.

முன்பணத்தில்தான் சிக்கல். 75 வீடுகளிடமிருந்து வந்தது 31,05,000 ரூபாய். ஒரு வருடச் செலவு 26,40,000 ஆனது என்று பில்டர் கணக்குக் காட்டி, மீதி 4,65,000 ரூபாயைக் கொடுத்தால் நேர்மையாக நடந்துகொண்டதாகவே தோன்றும். ஆனால் விற்காத 9 வீடுகளுக்கும் அதே செக்யூரிட்டி, அதே லிப்ட், அதே மோட்டார்தான் ஓடியது. அவற்றின் 10,350 சதுர அடிக்கு மாதம் 31,050 ரூபாய், வருடத்துக்கு 3,72,600 ரூபாய் பில்டரின் பங்கு. வளாகத்தை ஒப்படைக்கும் வரை மின்சாரம், தண்ணீர், பராமரிப்புக் கட்டணங்களை பில்டர் செலுத்த வேண்டும் என்று 11ஆவது பிரிவு சொல்வதைக் காட்டி இதைக் கேட்கலாம். சேர்த்தால் மீதி 8,37,600. முதல் கடிதத்தில் அந்த 9 வீடுகளின் உரிமையாளர் பெயரை எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

இன்னொரு இடத்தையும் பாருங்கள். பொது மீட்டரின் மாதாந்திர மின் கட்டணம் முதல் சில மாதங்களில் மட்டும் மிக அதிகமாக இருந்தால், முடியாத வீடுகளில் டைல்ஸ் வெட்டவும் வெல்டிங் செய்யவும் அதே இணைப்பிலிருந்து கரண்ட் எடுத்திருக்க வாய்ப்புண்டு. அதனால் மொத்தத் தொகை போதாது. மாதவாரியாக ரசீதுகளோடு, தணிக்கை செய்த கணக்கு வேண்டும் என்று கடிதத்தில் எழுதுங்கள்.

மூன்றாவது, கட்டடத்தின் நிலை. இதில் சங்கங்கள் இரண்டு விதமாகத் தவறுகின்றன. சிலர் எதையும் பார்க்காமல் ஏற்கிறார்கள். சிலர் எல்லாம் சரியாகும் வரை ஏற்கவே மாட்டோம் என்கிறார்கள். இரண்டாவது வீரமாகத் தெரிந்தாலும், அந்தக் காலம் முழுவதும் பராமரிப்பு பில்டர் கையிலேயே இருக்கும், நியாயமான கட்டணம் என்று அவர் நம்மிடம் வசூலித்துக்கொண்டே இருப்பார். பராமரிப்பை ஏற்றுக்கொண்டு, குறைகளைச் சரிசெய்யும் பொறுப்பை அவரிடமே நிறுத்துவதுதான் சரி என்பது என் கருத்து. 14ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரியவந்து சுட்டிக்காட்டினால், 30 நாளில் செலவு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். வழக்கமான தேய்மானமும், நாம் சுவரை உடைத்து மாற்றியதால் வந்த சேதமும் இதில் சேராது.

குறைகளைச் சேர்ந்து பார்ப்பதற்கு ஒரு தேதியைக் கடிதத்திலேயே குறியுங்கள். சென்னையில் அது ஐப்பசி மழைக்கு நடுவே அமைந்தால் நல்லது. மே மாதத்தில் மொட்டை மாடியும் தரைத்தளப் பார்க்கிங்கும் எந்தக் குறையையும் காட்டாது. தீயணைப்பு பம்பை ஓட்டி, மேல்மாடிக் குழாயில் தண்ணீர் விசையோடு வருகிறதா என்று பாருங்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்கு எளிய சோதனை ஒன்று உண்டு: கடந்த ஆறு மாதத்தில் கழிவுநீர் லாரிக்குக் கொடுத்த ரசீதுகளைக் கேளுங்கள். மாதத்துக்குப் பல முறை லாரி வந்திருந்தால் நிலையம் தன் வேலையைச் செய்யவில்லை. பார்த்தவற்றை இடம், குறை, படம் என்று பட்டியலிட்டு இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். கடிதத்தின் கடைசிப் பத்தி இது:

“இணைப்பிலுள்ள குறைப் பட்டியலுக்கும் பின்னர் தெரியவரும் குறைகளுக்கும் சட்டப்படி தங்களுக்குள்ள பொறுப்பு தொடரும் என்ற நிபந்தனையோடு, வரும் முதல் தேதியிலிருந்து அன்றாடப் பராமரிப்பை மட்டும் ஏற்றுக்கொள்கிறோம். ஆவணங்களையும் கார்பஸ் தொகையையும் 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டுகிறோம்.”

பதில் வராவிட்டால் ஒரு நினைவூட்டுக் கடிதம் அனுப்பிவிட்டு, தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் 31ஆவது பிரிவின் கீழ் சங்கமே புகார் தரலாம். இரண்டு கடிதங்களும் ஒப்புகைகளும் கையெழுத்திட்ட குறைப் பட்டியலும் அங்கே நம் ஆதாரங்கள்.

இத்தனைக்கும் பிறகு பில்டரின் ஆள் அதே நாலு வரித் தாளோடு வரக்கூடும். சாவிகளை வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை சாவி, எந்தெந்த அறைக்கு என்று ஒரு ரசீது எழுதிக் கொடுங்கள். அவர் தாளில் கையெழுத்துக் கேட்டால், இரண்டாவது வாக்கியத்தை அடித்துவிட்டு, “எங்கள் கடிதத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு” என்று எழுதி, கடிதத்தின் தேதியைப் போட்டு, அதன் கீழே கையெழுத்திடுங்கள்.