வேலை தேடாதவருக்கு வரும் முதல் செய்தி

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணி. ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை. மேனேஜரோடு மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும் பொறியாளரின் போன் மேசைமேல் அதிர்கிறது. திரையில் ஒரு வரி: “ஹாய் எம், உங்கள் ப்ரொஃபைல் எங்களை மிகவும் கவர்ந்தது. அப்டேட் செய்த ரெஸ்யூம், இப்போதைய சிடிசி, எதிர்பார்க்கும் சிடிசி, நோட்டீஸ் பீரியட் உடனே அனுப்பவும்.” போனைக் கவிழ்த்து வைக்கிறார். பக்கத்து நாற்காலிக்காரர் அதைப் பார்த்துவிட்டாரா என்பதுதான் அன்று முழுக்க அவருடைய கவலை.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் லிங்க்ட்இன்னிலோ நௌக்ரியிலோ தன் விவரத்தைப் போட்டு வைத்திருக்கும் யாருக்கும் இது புதிதல்ல. அந்த “எம்” யார்? தமிழர் பெயரின் இனிஷியல். முதல் பெயர் என்ற கட்டத்தில் பலர் இனிஷியலைப் போட்டிருப்பார்கள்; கடைசிப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் இருக்கும். ஒரே செய்தியை நூறு பேருக்குத் தள்ளிவிடும் மென்பொருளுக்கு இதெல்லாம் தெரியாது. முதல் கட்டத்தில் இருப்பதை எடுத்து “ஹாய்” பக்கத்தில் ஒட்டிவிடும். பெண் பொறியாளரை அப்பா பெயரால் கூப்பிடும் செய்திகளும் இப்படித்தான் பிறக்கின்றன. தன் பக்கத்தை யாரும் படிக்கவில்லை என்பது முதல் சொல்லிலேயே அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

ஆள் சேர்ப்புத் துறையில் இவருக்கு “பாசிவ் கேண்டிடேட்” என்று பெயர். ஒரு வேலையில் இருப்பவர், வேறு வேலை தேடாதவர், ஆனால் நல்லதாக வந்தால் காது கொடுக்கக்கூடியவர். விண்ணப்பம் போட்டவரிடம் பேசுவதற்கும் இவரிடம் பேசுவதற்கும் வித்தியாசம் உண்டு. விண்ணப்பித்தவர் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தயாராக வந்திருக்கிறார். இவரோ எதையும் கேட்கவில்லை. கதவைத் தட்டியது எதிராளிதான். தட்டியவர் தான் யார், எதற்கு வந்தேன் என்று சொல்லாமல், வீட்டுக்காரரிடம் சம்பளம் எவ்வளவு என்று விசாரித்தால் எப்படி இருக்கும்? முதல் செய்தியிலேயே சிடிசி கேட்பது அப்படித்தான்.

சரியான செய்தி எப்படி இருக்கும்? ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஓசூரில் இருசக்கர வாகனப் பாகங்கள் செய்யும் ஓர் ஆலைக்கு, அலுமினிய டை காஸ்டிங் அச்சுகளை வடிவமைக்கும் குழுவுக்குத் தலைவர் வேண்டும். ஆலையின் மனிதவளப் பிரிவில் இருப்பவர் “டூல் டிசைன்” என்று தேடுகிறார். கொட்டுகிறது பட்டியல். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. பிளாஸ்டிக் வார்ப்புக்கு அச்சு செய்பவரும், தகட்டை அடித்து வளைக்கும் பிரஸ் டூல் செய்பவரும், உருகிய அலுமினியத்தை அழுத்தத்தில் பாய்ச்சும் டை செய்பவரும் தங்களை டூல் டிசைனர் என்றே எழுதிக்கொள்கிறார்கள். மூன்றும் வேறு வேறு கைப்பழக்கம். டை காஸ்டிங்கில் 650 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடான உலோகம் திரும்பத் திரும்பப் பாய்வதால் அச்சு எங்கே வெடிக்கும், பாகத்துக்குள் காற்று எங்கே சிக்கும் என்று யோசிக்க வேண்டும். பிரஸ் டூல்காரருக்கு அந்தத் தலைவலி கிடையாது. அவருக்கு வேறு தலைவலி. அவருக்கு இந்த வேலையைச் சொல்லி எழுதினால், எழுதியவருக்குத் தொழிலே தெரியாது என்று ஒரே நொடியில் முடிவு கட்டிவிடுவார். எனவே எழுதுவதற்கு முன்னால் பட்டியலில் ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து ஐந்து நிமிடம் படித்தாக வேண்டும். இருநூறு பேர் பன்னிரண்டு பேராகச் சுருங்குவார்கள். அந்தப் பன்னிரண்டில் ஒருவர்தான் நமது ஒரகடத்துப் பொறியாளர்.

அவருக்குப் போக வேண்டிய செய்தி ஏறத்தாழ இப்படி இருக்கலாம். வழக்கத்தில் இவை ஆங்கிலத்தில்தான் போகின்றன; இங்கே தமிழில்.

“வணக்கம் மேடம். ஓசூரில் உள்ள எங்கள் ஆலையில் ஆள் சேர்ப்புப் பொறுப்பில் இருக்கிறேன். கியர்பாக்ஸ் மூடிக்கான டை வடிவமைப்பில் காற்றுத் துளைகளைக் குறைத்தது பற்றி உங்கள் பக்கத்தில் படித்தேன். எங்களுக்கும் இப்போது அதே பிரச்சினை. டை வடிவமைப்புக் குழுவுக்கு, ஆறு பேர், ஒரு தலைவரைத் தேடுகிறோம். ஆண்டுக்கு 14 முதல் 17 லட்சம். ஓசூரிலேயே இருக்க வேண்டிய வேலை. விருப்பம் இருந்தால் உங்களுக்கு வசதியான ஒரு மாலையில் 15 நிமிடம் பேசலாம். வேண்டாம் என்றாலும் பரவாயில்லை, மறுபடி தொந்தரவு செய்ய மாட்டேன்.”

கீழே எழுதியவரின் முழுப்பெயர், ஆலையின் பெயர், அலுவலக மின்னஞ்சல். அவ்வளவுதான்.

இதில் பாராட்டு இல்லை என்பதைக் கவனிக்கலாம். “உங்கள் சாதனைகளைக் கண்டு வியந்தோம்” என்பதற்குப் பதில், அவர் செய்த ஒரு குறிப்பிட்ட வேலை பெயர் சொல்லி வந்திருக்கிறது. அந்த ஒரு வரியை இன்னொருவருக்கு அனுப்ப முடியாது. ஊர் மாற வேண்டும் என்ற கசப்பான விஷயமும் முதலிலேயே வந்துவிட்டது. கணவருக்குச் சென்னையில் வேலை, குழந்தைக்கு அங்கேயே பள்ளி என்றால் அவர் அந்த வரியிலேயே முடிவு செய்துகொள்வார். மூன்று சுற்று நேர்காணல் முடிந்து ஓசூர் என்று தெரியவருவதைவிட இது இரு பக்கத்துக்கும் மிச்சம்.

நீளமும் முக்கியம். லிங்க்ட்இன் தன் தளத்தில் போகும் இன்மெயில்களை ஆராய்ந்து, ஆங்கிலத்தில் 400 எழுத்துகளுக்குக் குறைவானவை சராசரியைவிட 22 சதவீதம் அதிகமாகப் பதில் பெறுவதாகச் சொல்லியிருக்கிறது. 400 எழுத்து என்றால் அறுபது, எழுபது சொல். நிறுவனத்தின் வரலாறும் விருதுகளும் அதற்குள் அடங்காது. அடங்க வேண்டியதும் இல்லை.

சம்பளத்தை முதல் செய்தியில் சொல்வதற்குத்தான் நம் ஊர் நிறுவனங்களுக்கு மனம் வருவதில்லை. முதலில் அவர் எவ்வளவு வாங்குகிறார் என்று தெரிந்துகொண்டு, அதன்மேல் கொஞ்சம் போட்டுக் கொடுப்பது பழக்கம். இந்த விஷயத்தின் கனத்தைப் புரிந்துகொள்ள அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கைப் பார்க்கலாம். 2010-இல் அமெரிக்க நீதித்துறை ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி, இன்ட்யூட், பிக்சார் ஆகிய ஆறு நிறுவனங்கள்மேல் வழக்குத் தொடுத்தது. ஒருவர் ஊழியரை மற்றவர் தாமாக அழைத்துப் பேசுவதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றத்துக்கு வந்த மின்னஞ்சல்களில் 2007-ஆம் ஆண்டின் ஒன்று பிரபலமானது. கூகுளின் ஆள் சேர்ப்பவர் ஒருவர் ஆப்பிள் பொறியாளரைத் தொடர்புகொண்டதற்கு ஸ்டீவ் ஜாப்ஸ் புகார் சொல்ல, அந்த ஆள் சேர்ப்பவரின் வேலையே போனது. செய்தி வந்து சேர்ந்தது ஜாப்ஸுக்கு. அதை ஆப்பிளின் மனிதவள அதிகாரிக்கு அனுப்பியபோது அவர் சேர்த்தது ஒரு சிரிப்புக்குறி.

பின்னர் ஊழியர்கள் தொடுத்த வழக்கில் ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி நான்கும் சேர்ந்து 41.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டன. 2015-இல் நீதிமன்றம் அதை ஏற்றது. ஊழியர் தரப்பின் வாதம் நம் விஷயத்துக்கு நேராகப் பொருந்துகிறது. இப்படி ஒரு அழைப்பு வந்தால், வேலை மாறாதவருக்கும் தன் உழைப்புக்கு வெளியே என்ன விலை என்று தெரிகிறது, பக்கத்து மேசைக்காரரிடமும் சொல்கிறார், சம்பளம் உயர்கிறது. “14 முதல் 17 லட்சம்” என்ற சொற்றொடர், வேண்டாம் என்று சொல்லப் போகிறவருக்கும் ஒரு தகவலைத் தந்துவிட்டுத்தான் போகிறது. நேரம் ஒதுக்கிப் படித்ததற்கு அது நியாயமான கூலி என்றே தோன்றுகிறது.

கன்சல்டன்சி மூலம் வரும் செய்திகளில் இன்னொரு தடை உண்டு. “முன்னணி பன்னாட்டு நிறுவனம் ஒன்று” என்பார்களே தவிர பெயர் சொல்ல மாட்டார்கள். காரணம் கட்டணம். ஆள் சேர்ந்தால் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், கன்சல்டன்சிக்கு என்பது இங்கே பரவலான கணக்கு. பெயர் தெரிந்து ஆள் நேராக விண்ணப்பித்துவிட்டால் அது போய்விடும். பயம் நியாயமானதுதான். ஆனால் பணம் கட்டச் சொல்லும் போலி வேலை மோசடிகள் பெருகிவிட்ட காலத்தில், பெயரில்லாத செய்தியும் போலிச் செய்தியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. பெயரைச் சொல்ல முடியாவிட்டால் “பெயரை முதல் அழைப்பிலேயே சொல்கிறேன், இப்போதைக்கு இது ஓசூர், இருசக்கர வாகனத் துறை, சுமார் 800 பேர் வேலை செய்யும் ஆலை” என்று சொல்லலாம்.

எங்கே அனுப்புவது என்பதில் தவறினால் நல்ல செய்தியும் கெடும். அவருடைய அலுவலக மின்னஞ்சலுக்கு ஒருபோதும் கூடாது. அந்தப் பெட்டி நிறுவனத்தின் சொத்து, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். பகலில் முன்னறிவிப்பில்லாமல் போன் செய்வதும் அதே வகை. சுற்றிலும் ஆள் இருக்கும் இடத்தில் அவர் “ராங் நம்பர்” என்று சொல்லி வைத்துவிடுவார். நண்பர் மூலம் எண்ணை வாங்கி வாட்ஸ்அப்பில் வருவதும் சங்கடம்தான். எண் எப்படிக் கிடைத்தது என்ற கேள்வி மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். வேலை தேடுவதை ஆள் சேர்ப்பவர்கள் மட்டும் பார்க்கும்படி குறித்து வைக்க லிங்க்ட்இன்னில் வசதி உண்டு. சொந்த நிறுவனத்தின் கண்ணில் படாமல் மறைக்க முயல்வோம் என்று சொல்லும் அந்தத் தளமே, அதற்கு முழு உத்தரவாதம் தருவதில்லை. வேலையில் இருப்பவரின் எச்சரிக்கைக்கு இதுவும் ஒரு காரணம்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், இரண்டு வரியில். அதற்கும் மௌனம் என்றால் அதுதான் பதில். “என் முந்தைய மெசேஜைப் பார்க்கவில்லையா?” என்ற மூன்றாவது செய்திக்குக் கிடைப்பது பெரும்பாலும் பிளாக்.

வேண்டாம் என்ற பதிலும் வீணல்ல. லிங்க்ட்இன்னில் இன்மெயிலுக்கு ஆள் சேர்ப்பவர் ஒரு கிரெடிட் செலவழிக்கிறார். 90 நாளுக்குள் பதில் வந்தால், அது மறுப்பாகவே இருந்தாலும், கிரெடிட் திரும்பிவிடும். ஆனால் அதைவிடப் பெரிய லாபம் வேறு. நமது பொறியாளர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: “நன்றி சார். பையன் பத்தாவது. அடுத்த மே வரை நகர முடியாது.” ஆள் சேர்ப்பவர் அவர் பெயருக்கு நேரே “மே, பையன் பத்தாவது” என்று குறித்துக்கொண்டு, வேறு ஆளைத் தேடப் போகிறார். மே மாதக் கடைசியில் அவர் அனுப்பும் செய்தி இன்னும் சிறியது: “பையனுக்குப் பரீட்சை நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஓசூரில் வேறொரு இடம் காலியாகியிருக்கிறது. விவரம் அனுப்பட்டுமா?”