போனில் இடமில்லை, எதை அழிப்பது?

போனில் 500 எம்.பி. இடம்தான் இருக்கிறது, நீங்கள் 700 எம்.பி. படத்தை டவுன்லோட் செய்கிறீர்கள். அக்கறையோடு செய்த செயலி தொடங்கும் முன்பே அளவைப் பார்த்து, இன்னும் எவ்வளவு இடம் வேண்டும் என்று சொல்லிவிடும். நெட் போய்ப் பாதியில் நின்றாலும், வந்த பகுதியைத் தற்காலிகக் கோப்பாக வைத்திருந்து, விட்ட இடத்திலிருந்து தொடரும். வெறுமனே ‘தோல்வி’ என்று காட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கும் செயலி, உங்கள் டேட்டாவை வீணடிக்கிறது.

இடம் பண்ண ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் ஒவ்வொரு செயலிக்கும் இரண்டு பொத்தான்கள் உண்டு. Clear cache திரும்ப உருவாக்கக்கூடிய தற்காலிகக் கோப்புகளை மட்டுமே அழிக்கும். Clear storage உங்கள் லாகின், அமைப்புகள் எல்லாவற்றையும் துடைத்துவிடும். அவசரத்தில் இரண்டாவதைத் தொட்டுவிடாதீர்கள்.

டெலிகிராமில் கேஷுக்கு உச்சவரம்பே வைக்கலாம். அதைத் தாண்டினால், நெடுநாள் தொடாத கோப்புகள் முதலில் போகும். சாதாரண சாட்டில் வந்தவை சர்வரில் இருப்பதால் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் அப்படியில்லை. அங்கே அழித்த பழைய படம் திரும்ப வராமலே போகலாம். முதலில் வேறிடத்தில் சேமித்துவிட்டு அழியுங்கள்.