காப்புறுதிப் பத்திரத்தில் பெயரும் பிறந்த திகதியும்

லுணுகலை, பசறை, மடுல்சீமை தோட்டப் பகுதிகளில் ஆயுள் காப்புறுதி பெற்றோரின் பத்திரங்களில் பெயர் ஒருவிதமாகவும் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் இருப்பது புதிய விடயமன்று. தமிழில் சொல்லப்பட்ட பெயர் பிறப்புப் பதிவில் சிங்களத்திலும், பின்னர் காப்புறுதிப் படிவத்தில் ஆங்கிலத்திலும் எழுதப்படும்போது, 'லெட்சுமி' 'லட்சுமி'யாகின்றார். 'கருப்பையா'வின் ஆங்கில வடிவத்தில் இறுதி 'எச்' எழுத்து சேர்வதும் விடுபடுவதும் எழுதுபவரின் கையிலேயே தங்கியுள்ளது.

பெயர்ப் பிழையையும் பிறந்த திகதிப் பிழையையும் நிறுவனங்கள் ஒன்றாக நோக்குவதில்லை. பெயர்ப் பிழை ஆளை அடையாளங்காண்பது தொடர்பானது. இரு பெயர்களும் ஒருவரையே குறிப்பன எனச் சமாதான நீதவான் முன்னிலையில் செய்த சத்தியக்கடதாசியும் அடையாள அட்டைப் பிரதியும் பெரும்பாலும் போதுமானவை. பிறந்த திகதியோ கட்டுப்பணத்தையே தீர்மானிப்பது. அதனைத் திருத்துவது ஒப்பந்தத்தின் கணக்கைத் திருத்துவதாகும்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். 1972 ஜூன் 14இல் பிறந்த ஒரு பெண் தொழிலாளி 2010 செப்டெம்பரில் காப்புறுதி பெறுகின்றார். பத்திரத்தில் பிறந்த ஆண்டு 1976 என அச்சாகியுள்ளது. 38 வயதானவர் 34 வயதினராகக் கணிக்கப்பட்டுள்ளார். 34 வயதுக்கு மாதம் 2,000 ரூபாவும் 38 வயதுக்கு 2,500 ரூபாவும் கட்டுப்பணம் என வைத்துக்கொண்டால், அவர் செலுத்தியது உரிய தொகையில் ஐந்தில் நான்கு பங்கேயாகும். இந்நிலையில் 5 இலட்சம் ரூபா காப்புறுதித் தொகை 4 இலட்சமாகக் குறைக்கப்படலாம். அல்லது குறைந்த பணத்தை வட்டியுடன் செலுத்துமாறு கேட்கப்படலாம். உயிருடன் இருக்கும்போது திருத்தினால் எந்த வழி என்பதை அவரே கேட்டறிந்து பேசலாம். இழப்பீடு கோரும் வேளையில் பிழை வெளிப்பட்டால் அந்த வாய்ப்பு குடும்பத்தினருக்கு இராது.

திகதியைச் சரிபார்க்க எளிய வழியொன்று உண்டு. பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று எண்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும் குறிக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாட்களே கொள்ளப்படும். பெண்களுக்கு 500 கூட்டப்படும். ஜூன் 14 இக்கணக்கில் 166ஆவது நாள். ஆகவே மேற்படி பெண்ணின் இலக்கம் 72666 என ஆரம்பிக்க வேண்டும். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையில் இதுவே 1972666 ஆகும்.

அட்டையும் பிறப்புச் சான்றிதழும் தம்முள் முரண்பட்டால், நிறுவனத்துக்கு எழுதுவதற்கு முன்னர் அந்த முரண்பாட்டைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சான்றிதழ்ப் பிழைக்குப் பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளர் பிரிவையும், அட்டைப் பிழைக்குக் கிராம உத்தியோகத்தரையும் முதலில் நாடலாம். பிறந்த திகதிக்குச் சத்தியக்கடதாசி மட்டும் பொதுவாக ஏற்கப்படுவதில்லை.

கடிதம் சுருக்கமாக இருப்பதே நன்று. அது பின்வருமாறு அமையலாம்:

"காப்புறுதிப் பத்திர இலக்கம் ........ தொடர்பாக. மேற்படி பத்திரத்தில் எனது பிறந்த திகதி 1976.06.14 என அச்சிடப்பட்டுள்ளது. எனது பிறப்புச் சான்றிதழின்படியும் தேசிய அடையாள அட்டையின்படியும் சரியான திகதி 1972.06.14 ஆகும். இவற்றின் உறுதிப்படுத்திய பிரதிகளை இணைத்துள்ளேன். திகதியைத் திருத்தி, அத்திருத்தத்தைப் பத்திரத்துக்கான புறக்குறிப்பாக எனக்கு அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கின்றேன். இதனால் கட்டுப்பணமோ காப்புறுதித் தொகையோ மாறுமாயின், அதன் கணக்கை முன்கூட்டியே எழுத்தில் அறியத் தரவும்."

பிழையான வடிவத்தைப் பத்திரத்தில் உள்ளவாறே எழுத்துப் பிசகாமல் குறிப்பிடுவது அவசியம். மூலப் பத்திரங்களை அனுப்பலாகாது. முகவரிடம் வாய்மொழியாகச் சொல்வதோ, அவர் பத்திரத்தில் பேனாவால் திருத்தித் தருவதோ திருத்தமாகாது. கடிதத்தைத் தலைமையகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் பிரதியையும் வைத்திருக்க வேண்டும். முகவர் நிரப்பிய முன்மொழிவுப் படிவத்தின் பிரதியையும் கேட்டுப் பெறுதல் நல்லது. படிவத்தில் சரியான திகதி இருந்து பத்திரத்தில் மட்டும் மாறியிருந்தால், தவறு அச்சிட்ட இடத்தினுடையதென அது காட்டும்.

புறக்குறிப்பு வந்ததும் பெயர், திகதி ஆகியவற்றுடன் பின்னுரித்தாளர் பெயரையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பணம் பெறப் போகின்றவரின் பெயரிலும் இதே பிழை நேர்வதுண்டு. நிறுவனம் பதிலளிக்காவிடின் அதன் முறைப்பாட்டுப் பிரிவுக்கும், அதன் பின்னர் 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதலாம். அவ்வேளையில் முதற் கடிதத்தின் பிரதியும் தபால் பற்றுச்சீட்டுமே சாட்சிகளாகும்.